லீஃப்லெட் டீமில் யாரும் தொடாத அந்தக் கடைசிப் பக்கம்

ஹெல்த் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மார்க்கெட்டிங் டீமில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? லீஃப்லெட்டின் முன்பக்கத்துக்கு எல்லாரும் முட்டி மோதுவார்கள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும் எக்ஸ்க்ளூஷன்களையும் வெயிட்டிங் பீரியடையும் எளிமையாக்க ஒருவரும் வரமாட்டார்கள். அதை நீங்கள் கேட்டு வாங்குங்கள். அண்டர்ரைட்டிங், க்ளெய்ம்ஸ், கம்ப்ளையன்ஸ் மூன்று டேபிளிலும் உங்கள் பெயர் ஒரே மாதத்தில் தெரிந்துவிடும்.

1. பழைய லீஃப்லெட்டைத் திருத்தாதீர்கள்; பாலிசி வேர்டிங்கைத் திறந்து வைத்துப் புதிதாக எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 48 மாதம் என்று இருந்ததை 2024இல் ஐஆர்டிஏஐ 36 ஆகக் குறைத்தது. பழைய பிரதியில் 48 அப்படியே கிடக்கலாம். உங்கள் ப்ராடக்டில் 36க்கும் குறைவாகவே இருக்கலாம். வேர்டிங்கில் Excl01, Excl02, Excl03 என்ற குறியீடுகளைத் தேடுங்கள்: முறையே ஏற்கெனவே உள்ள நோய், பெயர் குறித்த நோய்கள், முதல் 30 நாள்.

2. 'எப்போதும் கிடைக்காது', 'இப்போதைக்குக் கிடைக்காது' இரண்டையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள். அழகுக்காகச் செய்யும் ஆபரேஷன் முதல் வகை. கண்புரை இரண்டாம் வகை. பல பாலிசிகளில் 24 மாதம் கழித்துக் கிடைக்கும். இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால், மூன்றாம் வருடம் கண்புரை ஆபரேஷனுக்குப் போகிறவர் தனக்குக் கிடைக்காது என்றே நினைத்து க்ளெய்ம் போடாமல் விட்டுவிடுவார். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் தவறு. இரண்டு தலைப்பு, இரண்டு பெட்டி போதும், இதைத் தவிர்த்துவிடலாம்.

3. வாக்கியத்தைச் சுருக்கும்போது விதிவிலக்கைத் தொலைக்காதீர்கள். 'முதல் 30 நாள் க்ளெய்ம் கிடையாது' என்பது எளிமை, ஆனால் தப்பு. விபத்துக்கு முதல் நாளிலிருந்தே உண்டு. ஏற்கெனவே உள்ள நோய் பற்றி வேர்டிங்கில் 'நேரடிச் சிக்கல்கள்', 'தொடர் காப்பீடு' என்றெல்லாம் வரும். நான் இப்படி எழுதுவேன்: 'பாலிசி எடுப்பதற்கு முந்தைய 3 ஆண்டுகளில் டாக்டர் கண்டுபிடித்த, அல்லது சிகிச்சை சொன்ன நோய்க்கும், அதனால் நேரடியாக வரும் பாதிப்புக்கும் பாலிசியை இடைவெளியின்றித் தொடரும் முதல் 3 ஆண்டு பணம் கிடைக்காது. விண்ணப்பத்தில் அந்த நோயைச் சொல்லி, கம்பெனியும் ஏற்றிருந்தால் அதன்பிறகு கிடைக்கும்.' கொஞ்சம் நீளம்தான். பரவாயில்லை, அம்மாவிடம் போனில் படித்துக் காட்டலாம்.

4. மாதத்தைத் தேதியாக மாற்றிக் காட்டுங்கள். நேரத்தை இதில்தான் அதிகம் செலவிட வேண்டும். ஒருவர் 2025 ஜூன் 10 அன்று 5 லட்சத்துக்குப் பாலிசி எடுக்கிறார், சர்க்கரை இருப்பதைச் சொல்கிறார் என்று வையுங்கள். 30 நாள் 2025 ஜூலை 9 அன்று முடிகிறது. கண்புரைக்கான 24 மாதம் 2027 ஜூன் 9 அன்று. சர்க்கரைக்கான 36 மாதம் 2028 ஜூன் 9 அன்று. இதுவரை சுலபம்.

இப்போது 2027 ஜூன் 10 ரினியூவலில் அவர் தொகையை 10 லட்சமாக உயர்த்துகிறார். 2028 செப்டம்பரில் சர்க்கரையால் வந்த கால் புண்ணுக்கு 8 லட்சம் பில். 10 லட்சம் இருக்கிறதே என்று நம்பி வருவார். ஆனால் கூட்டிய 5 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாக ஓடுகிறது. அது 2030 ஜூன் 9 அன்றுதான் முடியும். வேறு பிடித்தம் இல்லாவிட்டாலும் கையில் வருவது 5 லட்சம், சொந்தப் பணம் 3 லட்சம். வேர்டிங்கில் இது ஒற்றை வரி. லீஃப்லெட்டில் இந்த உதாரணத்துக்கே தனிப் பெட்டி கேளுங்கள். டிசைனர் இடமில்லை என்பார்; முன்பக்கத்துச் சிரிக்கும் குடும்பப் படத்தைச் சின்னதாக்கச் சொல்லுங்கள்.

5. டெஸ்ட் செய்யுங்கள். 'புரிகிறதா?' என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ரிசப்ஷனில் இருப்பவர், டிரைவர், அக்கவுன்ட்ஸ் சீனியர் என்று ஐந்து பேரிடம் தாளைக் கொடுத்து, 'பாலிசி எடுத்து பத்தாவது நாள் பைக்கிலிருந்து விழுந்தால்? பதினெட்டாம் மாதம் கண்புரை ஆபரேஷன் என்றால்?' என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் தவறினால் கோளாறு உங்கள் வாக்கியத்தில்தான்.

6. கம்ப்ளையன்ஸுக்கு லீஃப்லெட்டை மட்டும் அனுப்பினால் சிவப்பு மையோடு திரும்பும். இரண்டு பத்தியில் ஒரு தாள் தயாரியுங்கள்: இடப்பக்கம் குறியீடும் மூல வாசகமும், வலப்பக்கம் உங்கள் தமிழ். எந்த விதிவிலக்கும் விடுபடவில்லை என்பது அவர்களுக்கு ஒரு பார்வையில் தெரிய வேண்டும். 'வேர்டிங்கையே போடுங்கள்' என்று அடம்பிடித்தால், ஐந்து பேரின் பதில்களை அப்போது எடுத்து வையுங்கள். தாளின் அடியில் தயாரித்தவர் என்று உங்கள் பெயரும் தேதியும் இருக்கட்டும்.