சிக்னல் இல்லாத ஊரில் எடுத்த ஆர்டர்

நாமக்கல் பக்கம் என் மைத்துனர் பிஸ்கட், சோப்பு மொத்த விற்பனை ஏஜென்சி நடத்துகிறார். ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர், வெளியே மூன்று சேல்ஸ்மேன்கள், ஆளுக்கு ஒரு ஆண்ட்ராய்ட் போன். கடையில் எடுக்கும் ஆர்டரை போனில் உள்ள ஒரு ஆப்பில் பதிந்தால் அது ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். மூவரில் ஒருவருக்குக் கொல்லிமலை லைன். அடிவாரத்தில் காரவள்ளியைத் தாண்டி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். வழியிலும் மேலே சில ஊர்களிலும் போனில் சிக்னல் கிடைக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை, டெலிவரி வண்டி நான்கு பெட்டி பிஸ்கட்டைத் திருப்பிக் கொண்டு வந்தது. "ஆறு பெட்டி போதும்னு நேத்தே ஆபீஸுக்கு போன் பண்ணிச் சொன்னேனே" என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். ஆபீஸ் பையன், "நான் உடனே மாத்தித்தானுங்க போட்டேன்" என்றான். கம்ப்யூட்டரில் பார்த்தால் பத்துப் பெட்டி என்றே இருந்தது. மைத்துனர் அவன் மேல் சந்தேகப்பட்டு நான்கு வார்த்தை கடிந்து பேசிவிட்டார். பிறகு என்னை அழைத்து, "மச்சான், கொஞ்சம் வந்து பாருங்க" என்றார்.

பார்த்தேன். பையன் பொய் சொல்லவில்லை. சேல்ஸ்மேனும் தவறு செய்யவில்லை. தவறு அந்த ஆப் சிங்க் செய்யும் முறையில் இருந்தது. உங்கள் கடைக்கோ ஏஜென்சிக்கோ இப்படி ஒரு ஆப் வாங்கும் எண்ணம் இருந்தால் இதைத் தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள்.

சிக்னல் இல்லாதபோது ஆர்டர் எங்கே இருக்கிறது?

இத்தகைய ஆப்கள் நாம் பதிவதை முதலில் போனுக்குள்ளேயே ஒரு சிறிய டேட்டாபேஸில் எழுதி வைக்கும். பெரும்பாலும் அது SQLite ஆக இருக்கும். கூடவே "அனுப்ப வேண்டியவை" என்று ஒரு பட்டியலையும் வைத்திருக்கும். சிக்னல் வந்ததும் பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக ஆபீஸ் சர்வருக்கு அனுப்பும். "வந்து சேர்ந்தது" என்று சர்வர் பதில் சொன்ன பிறகே அதைப் பட்டியலிலிருந்து நீக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆர்டர் சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் சர்வரின் பதில் வருவதற்குள் வண்டி அடுத்த வளைவில் திரும்பி சிக்னல் போய்விட்டது என்று வைத்துக் கொள்வோம். போனுக்கு விஷயம் தெரியாது. சிக்னல் வந்ததும் அதே ஆர்டரை மறுபடி அனுப்பும். ஆர்டர் எண்ணை சர்வர் கொடுக்கும்படி அமைத்திருந்தால் இப்போது ஒரே கடைக்கு இரண்டு ஆர்டர் ஆகிவிடும்.

ஆகவே எண்ணைப் போனே, ஆர்டர் எழுதும் அந்த நொடியிலேயே, கொடுக்க வேண்டும். இதற்கு UUID என்னும் 36 எழுத்து நீளமுள்ள எண் பயன்படுகிறது. இரண்டு போன்கள் தற்செயலாக ஒரே எண்ணை உருவாக்க வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம். எத்தனை முறை அனுப்பினாலும் அந்த ஆர்டருக்கு அதே எண்தான். எனவே இரண்டாவது முறை வரும்போது சர்வர் அதை அடையாளம் கண்டு, புதிதாக எழுதாமல், "ஏற்கெனவே வந்துவிட்டது" என்று மட்டும் பதில் சொல்லும். மைத்துனரின் ஆப்பில் இது சரியாகவே இருந்தது. கோளாறு வேறு இடத்தில்.

திங்கட்கிழமை நடந்தது என்ன?

சனிக்கிழமை பதிந்த ஆர்டர் இது: பிஸ்கட் 10 பெட்டி, சோப்பு 24. திங்கள் காலை மலைக்குக் கிளம்பும் முன் சேல்ஸ்மேனின் போன் இந்த ஆர்டரை இறக்கிக் கொண்டது. மேலே கடையில் இருந்தவர் சோப்பை 36 ஆக்கச் சொன்னார். சிக்னல் இல்லை, சேல்ஸ்மேன் போனில் மாற்றி வைத்துக் கொண்டார். பகலில் வேறு வேலையாகக் கீழே இறங்கி வந்திருந்த கடை முதலாளி, ஆபீஸுக்கு போன் செய்து பிஸ்கட்டை 6 பெட்டி ஆக்கச் சொன்னார். பையன் கம்ப்யூட்டரில் மாற்றினான்.

மாலையில் சேல்ஸ்மேன் அடிவாரத்துக்கு வந்ததும் போன் சிங்க் ஆனது. அப்போது அது "சோப்பு 36" என்று மட்டும் அனுப்பவில்லை. தன்னிடம் இருந்த முழு ஆர்டரையும், அதாவது பிஸ்கட் 10, சோப்பு 36 என்று அனுப்பியது. சர்வர் அதை அப்படியே பழையதின் மேல் எழுதிவிட்டது. பையன் போட்ட 6 அழிந்தது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

கடைசியாக வந்தது எதுவோ அதுவே சரி என்று எடுத்துக் கொள்ளும் முறை இது. ஆப் எழுதுகிறவருக்கு இது சுலபம். சிலர் "வந்த நேரத்தைப் பார்க்காமல், மாற்றிய நேரத்தைப் பார்த்தால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. போனின் கடிகாரத்தை யார் வேண்டுமானாலும் மாற்றி வைக்கலாம். கடிகாரம் சரியாக இருந்தாலும், இங்கே இரண்டு மாற்றங்களுமே தேவை. எது பிந்தியது என்ற கேள்விக்கே இடமில்லை.

பதிப்பு எண் என்னும் காவல்காரர்

இதற்குத் தீர்வு, ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு பதிப்பு எண் வைப்பது. சனிக்கிழமை ஆர்டரின் பதிப்பு 3 என்று வைத்துக் கொள்வோம். போன் அதை இறக்கும்போது 3 என்பதையும் குறித்துக் கொள்கிறது. பையன் பிஸ்கட்டை மாற்றியதும் சர்வரில் பதிப்பு 4 ஆகிறது. மாலையில் போன், "நான் பதிப்பு 3-ஐ வைத்துத் திருத்தினேன்" என்று சொல்லி அனுப்புகிறது. சர்வரில் இந்தக் கட்டளை ஓடும்:

```sql
UPDATE orders SET version = 4
WHERE order_id = 'இந்த ஆர்டரின் UUID' AND version = 3;
```

ஒரு வரி மாறியது என்று விடை வந்தால் இடையில் யாரும் கை வைக்கவில்லை. போனின் திருத்தத்தை அப்படியே எழுதலாம். பூஜ்யம் வரி என்று வந்தால் பதிப்பு 3 இப்போது இல்லை, இடையில் வேறு யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். உடனே மேலே எழுதாமல் நிறுத்திவிட வேண்டும்.

நிறுத்திய பிறகு மூன்றை ஒப்பிட வேண்டும்: இருவரும் தொடங்கிய பழைய பதிப்பு, போனில் உள்ளது, ஆபீஸில் உள்ளது. பிஸ்கட் பழையதில் 10, போனில் 10, ஆபீஸில் 6. ஆபீஸ் மட்டுமே மாற்றியிருக்கிறது. 6-ஐ எடுத்துக் கொள்ளலாம். சோப்பு பழையதில் 24, போனில் 36, ஆபீஸில் 24. போன் மட்டுமே மாற்றியிருக்கிறது. 36-ஐ எடுத்துக் கொள்ளலாம். பிஸ்கட் 6, சோப்பு 36 என்று பதிப்பு 5 உருவாகிறது. பழைய பதிப்பு கையில் இல்லாவிட்டால் 10 பழையதா, 6 பழையதா என்று சர்வரால் சொல்ல முடியாது. எனவே அதைச் சேமித்து வைப்பது அவசியம்.

ஒரு எச்சரிக்கை. மொத்தத் தொகை, இலவசம் போன்றவற்றை இப்படி ஒப்பிட்டு எடுக்கக் கூடாது. பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி இலவசம் என்று சலுகை இருந்தால், 6 ஆன பிறகு அந்த இலவசம் கிடையாது. சேர்த்து முடித்தபின் இவற்றைப் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

ஆள்தான் முடிவு செய்ய வேண்டிய இடம்

இருவருமே சோப்பை மாற்றியிருந்தால்? போனில் 36, ஆபீஸில் 12. இதற்கு எந்தக் கணக்கும் விடை தராது. கடைக்காரர் மனதில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். நல்ல ஆப் அந்த ஆர்டரை பில் போட விடாமல் நிறுத்தி வைத்து, "முன்பு 24, சேல்ஸ்மேன் 36, ஆபீஸ் 12" என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். நீங்கள் கடைக்கு ஒரு போன் செய்து கேட்டு, சரியானதைத் தேர்வு செய்தால் போதும். அந்த முடிவு சேல்ஸ்மேனின் போனுக்கும் போக வேண்டும். கடையில் 36 என்று வாக்குக் கொடுத்து வந்தவர் அவர்தானே!

இருப்புக் கணக்கிலும் இதே கவனம் தேவை. ஐம்பது சோப்பு இருக்கும்போது இரண்டு சேல்ஸ்மேன்கள் சிக்னல் இல்லாமல் ஆளுக்கு 30 விற்றுவிட்டார்கள். இரண்டு போன்களும் "மீதி 20" என்று அனுப்பினால் சர்வரில் 20 இருப்பதாகத் தெரியும். உண்மையில் பத்து குறைகிறது. "30 விற்றேன்" என்று அனுப்பினால் சர்வர் இரண்டையும் கழித்து மைனஸ் 10 காட்டும். சரக்குப் போதாது என்பது வண்டி கிளம்பும் முன்பே தெரிந்துவிடும்.

வாங்கும் முன் சோதியுங்கள்

எந்த ஆப்பையும் பத்து நிமிடத்தில் சோதிக்கலாம். கம்ப்யூட்டரில் பிஸ்கட் 10, சோப்பு 24 என்று ஒரு ஆர்டர் போட்டுப் போனில் இறக்கிக் கொள்ளுங்கள். போனில் ஏரோப்ளேன் மோடைத் தேர்வு செய்திடுங்கள். வைஃபை தனியாக இயங்கிக் கொண்டிருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். போனில் சோப்பை 36 ஆக்குங்கள். கம்ப்யூட்டரில் பிஸ்கட்டை 6 ஆக்குங்கள். பிறகு ஏரோப்ளேன் மோடை நீக்கி சிங்க் செய்திடுங்கள். 6, 36 என்று வந்தால் நல்லது. முரண்பாடு என்று சொல்லி உங்களைக் கேட்டாலும் பரவாயில்லை. 10, 36 என்றோ 6, 24 என்றோ வந்தால் ஒருவரின் மாற்றம் சத்தமில்லாமல் தொலைந்துவிட்டது.

அடுத்து இரண்டிலும் சோப்பையே வேறு வேறாக மாற்றிப் பாருங்கள். ஆப் உங்களைக் கேட்க வேண்டும். கேட்காமல் ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்தால் அந்த ஆப் வேண்டாம்.

இன்னொன்றையும் சேல்ஸ்மேனிடம் சொல்லி வையுங்கள். ஆப் மெதுவாக இயங்குகிறது என்று போன் செட்டிங்ஸில் Clear data கொடுத்துவிடக் கூடாது; ஆப்பை நீக்கி மறுபடி நிறுவவும் கூடாது. அனுப்பாத ஆர்டர்கள் போனுக்குள் மட்டுமே இருக்கின்றன. அவை திரும்பி வராது. "அனுப்ப வேண்டியவை 0" என்று பார்த்த பிறகே எதையும் செய்ய வேண்டும்.

மைத்துனர் ஆப் எழுதிக் கொடுத்தவரை அழைத்துப் பதிப்பு எண்ணைச் சேர்க்கச் செய்தார். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதும் இப்போது ஒவ்வொரு ஆர்டரிலும் பதிவாகிறது. அந்தப் பையனிடம், "உன் மேல தப்பில்லைப்பா" என்று அன்று மாலையே சொல்லிவிட்டார்.