சிறுநீரக நோயும் பருப்புக் கறியும்

1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய சொந்தக்காரர் நம்மில் பலருக்கு உண்டு. வவுனியாவிலும் கமக்காரரிடையே, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் காணப்படுகிறது. நாம் அறிந்த ஒருவர், எடை 50 கிலோ. ‘வருத்தம் ஆரம்ப நிலை’ என்று கிளினிக்கில் சொன்னதும் பருப்பையே விட்டுவிட்டார். சோறும் சம்பலும்தான். மூன்று மாதத்தில் சட்டை தொளதொளத்தது, மண்வெட்டி தூக்க முடியவில்லை.

புரதம் குறைந்தால் உடம்பு தன் தசையையே கரைத்துக்கொள்ளும். கூடினாலோ, அதிலிருந்து வரும் யூரியாக் கழிவை வடிக்கப் பழுதான சிறுநீரகம் இன்னும் பாடுபடவேணும். ஆகவே ஆரம்ப நிலையில் ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராம் அளவு. இவருக்கு நாளைக்கு 40 கிராம்.

இரண்டு நேரச் சோற்றுக்கு 200 கிராம் அரிசி எடுத்தால் 14 கிராம் புரதம். றொட்டிக்கு 100 கிராம் கோதுமை மாவில் 10, பருப்பு 50 கிராமில் 12, அரைக் கோப்பை பாலில் 3. மிச்சம் மரக்கறியில் வந்துவிடும். சோயா மீற்றில் காய்ந்த எடையில் பாதியளவு புரதம்தான்; அதைச் சமைக்கும் நாளில் பருப்பு வேண்டாம். மாதம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்கினால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

இரத்தச் சுத்திகரிப்பு செய்பவருக்கு இந்தக் கணக்கு சரிவராது, அவருக்குப் புரதம் கூடுதலாக வேணும்.