ஒரு கிலோ சோளம் ஆறு கிலோ தீவனம் ஆகுமா? மொட்டைமாடியிலும் காலி அறையிலும் தட்டு வளர்ப்பு



சிறுதொழில் தொடங்க நம் அறக்கட்டளையிடம் வட்டியில்லாக் கடன் கேட்டு வருபவர்களில் சிலர் இப்போது "மண்ணில்லாமல் பசுந்தீவனம்" பற்றியும், "மைக்ரோகிரீன்ஸ்" எனப்படும் குட்டிக் கீரை பற்றியும் விசாரிக்கிறார்கள். இரண்டுக்கும் நிலம் வேண்டாம். தட்டு, விதை, தண்ணீர் இருந்தால் போதும், ஒரு வாரத்தில் பச்சை தெரிந்துவிடும். பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் வரவு செலவுக் கணக்கில் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. பணம் போடும் முன் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும்.

எடை எங்கிருந்து வருகிறது?

தீவன இயந்திரம் விற்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான்: "ஒரு கிலோ மக்காச்சோளம் போட்டால் ஆறு கிலோ தீவனம் எடுக்கலாம்." இது பொய்யல்ல. நன்றாக வளர்ந்தால் தராசில் ஆறு கிலோ நிற்கும். கூடிய அந்த ஐந்து கிலோ என்ன என்பதுதான் கேள்வி.

உலர்ந்த மக்காச்சோளம் ஒரு கிலோவில் ஈரம் சுமார் 100 கிராம், மீதி 900 கிராம் உலர் பொருள். ஆட்டின் வயிற்றை நிரப்பி உடலில் சேருவது இந்த உலர் பொருள்தான். எட்டாம் நாள் எடுக்கும் பசுந்தீவனத்தில் நூற்றுக்கு 13 பங்கு அளவில்தான் உலர் பொருள் இருக்கும். அப்படியானால் ஆறு கிலோவில் 780 கிராம். மீதி ஐந்து கிலோவுக்கு மேல் தண்ணீர். அதாவது 900 கிராம் போட்டு 780 கிராம் எடுத்திருக்கிறோம். முளை வளர்வதற்காகத் தானியத்தில் இருந்த மாவுச்சத்தை எரித்துவிட்டது. அந்தச் சில நாட்களில் இலை வெயிலிலிருந்து செய்யும் உணவு அந்த இழப்பை ஈடுகட்டப் போதாது.

"தீவனத்தில் புரத சதவீதம் கூடுகிறதே" என்று கேட்கலாம். கூடுவது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் மாவுச்சத்து குறைந்ததால் புரதத்தின் பங்கு பெரிதாகத் தெரிவதுதான். சோளம் கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சோளமாகவே கொடுக்கும்போது உலர் பொருள் கிலோவுக்கு 33 ரூபாய் விழுகிறது. முளைக்க வைத்துக் கொடுத்தால் 38 ரூபாய்க்கு மேல். தட்டு, தண்ணீர், மின்சாரம், நம் உழைப்பு இவையெல்லாம் தனி.

அப்படியானால் தீவனம் வளர்ப்பது வீணா?

இல்லை. மேய்ச்சல் இல்லாத ஊருக்குள் ஆடு வளர்ப்பவர்களுக்குக் கோடையில் ஒரு பிடி பச்சை கிடைப்பது அரிது. காய்ந்த தீவனம் மட்டுமே தின்னும் ஆட்டுக்கு, உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து இந்தப் பச்சையில் கிடைக்கிறது. சினை ஆடும் குட்டியும் விரும்பித் தின்னும். ஆகவே இதைத் துணை உணவாக வைத்தால் பயன் உண்டு. முழு உணவாக நினைத்தால் நஷ்டம்.

குர்பானிக்காக மாடியில் நான்கு ஆடு வளர்க்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 25 கிலோ. ஒரு ஆட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 900 கிராம் உலர் பொருள் வேண்டும். அதை முழுவதும் தட்டுத் தீவனமாகவே கொடுக்க ஏழு கிலோ ஆகும், அவ்வளவு தண்ணீரை ஆடு தின்னாது. ஆட்டுக்கு ஒரு கிலோ வீதம் நான்கு கிலோ பசுந்தீவனம் கொடுத்து, மீதியைக் கடலைக்கொடி, அகத்தி, வேப்பிலை, கொஞ்சம் தவிடு என்று நிரப்புவதே சரி. அந்த நான்கு கிலோவுக்குத் தினம் 700 கிராம் சோளம் போதும். இரண்டடி நீளம், ஒரடி அகலமுள்ள எட்டுத் தட்டு, ஒரு மூங்கில் அல்லது இரும்பு அடுக்கு, மேலே நிழல்வலை. தினம் ஒரு தட்டு விதைத்து, ஒரு தட்டு எடுக்க வேண்டும். ஏழு தட்டில் பயிர் இருக்கும், எட்டாவது கழுவி வெயிலில் காயும். குளிரூட்டிய இயந்திரம் இதற்குத் தேவையே இல்லை.

செய்யும் முறை

விதைக் கடையில் பயிரிட விற்கும் சோளம் கூடாது. சிவப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில் மருந்து பூசியிருக்கும், ஆட்டுக்கு அது விஷம். தீவனத்துக்கான, உடையாத, இந்த வருட அறுவடைச் சோளம் வேண்டும். முதலில் நூறு விதையை எண்ணி ஈரத் துணியில் மூன்று நாள் வையுங்கள். எண்பதுக்குக் குறைவாக முளைத்தால் அந்த மூட்டையை வாங்காதீர்கள். முளைக்காத விதை தட்டில் அழுகும், பூஞ்சை அங்கிருந்துதான் தொடங்கும்.

சோளத்தைக் கழுவி, மிதப்பதை நீக்கி, 12 மணி நேரம் ஊறவையுங்கள். தண்ணீரை வடித்து ஈரக் கோணிச்சாக்கில் ஒரு நாள் கட்டிவைத்தால் வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். அடியில் ஓட்டை உள்ள தட்டில் ஒன்றரை விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். கனம் கூடினால் நடுவில் சூடேறிப் புளிக்கும். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சமாகத் தெளிக்க வேண்டும், தண்ணீர் அடியில் தேங்கக் கூடாது. ஏழாம் நாள் ஒரு சாண் உயரம் வந்து, வேர்கள் பின்னிப் பாய் போல் சுருட்ட வரும். வேர், விதை, இலை எல்லாமே தீவனம். அதற்கு மேல் விட்டால் பச்சை கூடுவது போலத் தெரிந்தாலும் உலர் பொருள் குறையும், பூஞ்சையும் நெருங்கும். புதிதாகக் கொடுக்கும்போது ஒரு பிடியில் தொடங்கி ஒரு வாரத்தில் முழு அளவுக்கு வாருங்கள். திடீரென்று கொடுத்தால் வயிறு உப்பும்.

பூஞ்சையைக் கண்டுபிடிப்பது

பெரிய ஆபத்து இதுதான். மூன்றாம் நாள் வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு போலத் தெரியும். அது வேர்த்தூவியாகவும் இருக்கலாம், பூஞ்சையாகவும் இருக்கலாம். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். வேர்த்தூவியானால் வேரோடு ஒட்டி மறைந்துவிடும். பூஞ்சையானால் மறையாது. ஒரு விதையிலிருந்து இன்னொரு விதைக்குச் சிலந்திவலை போல இழை ஓடும், பிறகு பச்சை, கறுப்பு, சாம்பல் நிறம் காட்டும், முக்கல் நாற்றம் வரும். அப்படியானால் கெட்ட பகுதியை மட்டும் கிள்ளி எறிந்து மீதியைக் கொடுக்கக் கூடாது. சில பூஞ்சைகள் ஈரலைக் கெடுக்கும் நச்சை விடும். அது கண்ணுக்குத் தெரியாமல் தட்டு முழுதும் பரவியிருக்கலாம். முழுத் தட்டையும் ஆடும் கோழியும் தொடாத இடத்தில் புதையுங்கள். தட்டைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவையுங்கள். சித்திரை, வைகாசி வெக்கையில் மாடியில் இதைத் தவிர்ப்பது கடினம். அந்த மாதங்களில் அடுக்கைக் கீழே காற்றோட்டமுள்ள அறைக்கு மாற்றுங்கள், அல்லது நிறுத்திவையுங்கள்.

குட்டிக் கீரையின் கணக்கு வேறு

அதே தட்டில் முள்ளங்கி விதையை முளைக்கவைத்து, இரண்டு விதையிலையும் விரிந்ததும் வெட்டினால் அதுவே மைக்ரோகிரீன்ஸ். இதிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆனால் வாங்குபவர் உலர் பொருளுக்குப் பணம் தரவில்லை. கொஞ்சம் காரமான ருசிக்கும் அன்று வெட்டிய புதுமைக்கும் தருகிறார். ஆடு தீவனத்துக்குத் தராத விலையை மனிதர் இதற்குத் தருவதன் காரணம் இதுவே.

முள்ளங்கியில் தொடங்குவது எளிது. இருபது அங்குலம் நீளம், பத்து அங்குலம் அகலமுள்ள தட்டில் ஒன்றரை அங்குலத்துக்குக் கழுவிய தென்னைநார்க் கழிவை ஈரமாகப் பரப்பி, மருந்து பூசாத விதை சுமார் 30 கிராம் நெருக்கமாகத் தூவுங்கள். இன்னொரு தட்டை மேலே கவிழ்க்காமல் வைத்து, அதன்மேல் ஒரு செங்கல் பாரம் ஏற்றி மூன்று நாள் இருட்டில் விடுங்கள். பாரத்தை எதிர்த்து முளைப்பதால் வேர் இறுகும், தண்டு உறுதியாகும். பிறகு ஜன்னல் வெளிச்சத்திலோ எல்இடி குழல்விளக்கின் கீழோ நான்கைந்து நாள். தண்ணீரை மேலே ஊற்றாமல் அடித்தட்டில் விட்டு உறிஞ்ச விடுங்கள், சிறு மின்விசிறி ஓடட்டும். தண்டின் அடி கறுத்து மெலிந்து கூட்டமாகச் சாய்ந்தால் ஈரம் அதிகம், காற்று போதவில்லை என்று பொருள். தென்னைநாருக்கு மேலே கத்தரிக்கோலால் வெட்டினால் தட்டுக்குச் சுமார் 200 கிராம் கிடைக்கும், நான்கு சிறு டப்பா. உடனே குளிர்பெட்டியில் வைத்தால் ஐந்து நாள் நிற்கும்.

இங்கே ஆபத்து பூஞ்சையைவிட விற்பனையில்தான் இருக்கிறது. வளர்ப்பது யாருக்கும் வரும், ஐந்து நாளுக்குள் விற்க வேண்டும். தீவனம் மிஞ்சினால் பக்கத்து வீட்டு ஆடு தின்னும், கீரை மிஞ்சினால் குப்பைதான். ஆகவே முதலில் ஆளைப் பிடியுங்கள், பிறகு தட்டை வாங்குங்கள். ஓர் உணவகம், வாரம் இரண்டு டப்பா வாங்கும் நான்கு வீடு என்று ஊரில் சொல்லிவைத்த கணக்கு எத்தனை டப்பாவோ, அதற்கு மட்டும் விதையுங்கள்.

கடன் மனு எழுதும் முன் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டிலுள்ள இரண்டு பழைய தட்டில் ஒரு மாதம் வளர்த்து, ஒரு நோட்டில் நான்கு விவரம் குறித்துவாருங்கள்: போட்ட விதை எவ்வளவு, எடுத்தது எவ்வளவு, விற்றது அல்லது ஆட்டுக்குப் போனது எவ்வளவு, கொட்டியது எவ்வளவு. அந்த நோட்டோடு அலுவலகத்துக்கு வாருங்கள். எவ்வளவு பணம் தேவை, அல்லது தேவையே இல்லையா என்பதை அந்தக் கடைசி இரண்டு விவரத்தை வைத்தே சேர்ந்து பார்த்துவிடலாம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்