தனக்குத் தானே பேசும் குழந்தை

நான்கைந்து வயதுக் குழந்தை தனியே அமர்ந்து விளையாடும்போது அதன் அருகில் நின்று செவிகொடுத்துக் கேளுங்கள். "இதை இங்கே வைக்கணும்... ஐயோ, விழுந்திடுச்சு... பெரிய கட்டையை முதல்லே வைக்கணும்" என்று அது பேசிக்கொண்டேயிருக்கும். கேட்பவர் எவரும் இல்லை. மறுமொழியையும் அது எதிர்பார்ப்பதில்லை. பெற்றோர் சிலர் இதனை வீண் பிதற்றல் என்று எண்ணி, "வாயை மூடிக்கொண்டு வேலையைச் செய்" என அதட்டுவதுண்டு. அப்பேச்சினால் குழந்தைக்கு விளையும் பயன் யாது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே 1923ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இத்தகைய பேச்சை ஆராய்ந்தார். பிறருடைய நோக்கை அறிந்து பேசும் திறன் குழந்தைக்கு இன்னும் வாய்க்காததே இதற்குக் காரணம் என்றும், வளர வளர இது மறைந்துவிடும் என்றும் அவர் கருதினார். சோவியத் அறிஞர் லெவ் விகோட்ஸ்கி இக்கருத்தை ஏற்கவில்லை. இப்பேச்சு குழந்தையின் செயலுக்குத் துணைபுரிகிறது என்பது அவர் கொள்கை.

இதனைச் சோதிக்க அவர் எளிய வழியொன்றைக் கையாண்டார். படம் வரையும் குழந்தைகளுக்கு வேண்டிய தாளோ, வண்ணப் பென்சிலோ கிடைக்காதவாறு செய்தார். பேச்சு வெறும் பழக்கமாயின், இடையூறு நேர்ந்தபோதும் அதன் அளவு மாறியிருக்கக் கூடாது. ஆனால் தடை நேர்ந்தவுடன் குழந்தைகள் தமக்குத் தாமே பேசுவது ஏறக்குறைய இரு மடங்காயிற்று. "பென்சில் எங்கே? நீலம் வேணுமே! பரவாயில்லை, சிவப்பிலே போட்டுத் தண்ணீர் தொட்டால் கறுப்பாகி நீலம் மாதிரி இருக்கும்" என்னும் பொருள்பட ஒரு குழந்தை பேசியது. சிக்கலை ஆராய்ந்து வழி தேடும் பேச்சு அது.

அவர் குறித்துவைத்த மற்றொரு நிகழ்ச்சி இன்னும் தெளிவானது. ஐந்தரை வயதுக் குழந்தை ஒன்று டிராம் வண்டியின் படத்தை வரைந்துகொண்டிருந்தது. சக்கரத்தை வரைகையில் பென்சிலின் முனை ஒடிந்தது. குழந்தை தாளில் அழுத்தி அழுத்திப் பார்த்தது, கோடு விழவில்லை. "ஒடிஞ்சு போச்சு" என்று தனக்குள் முணுமுணுத்தது. பிறகு பென்சிலை வைத்துவிட்டு வண்ணத் தூரிகையை எடுத்து, விபத்தில் உடைந்த டிராம் வண்டியை வரையத் தொடங்கியது. வாயினின்று வந்த ஒரு சொல், படத்தின் போக்கையே மாற்றிவிட்டது.

இத்திறன் பிறரிடமிருந்தே குழந்தைக்கு வருகிறது. காலணி அணியும் முறையை எடுத்துக்கொள்வோம். "முதலில் நாக்கை வெளியே இழு, பிறகு காலை நுழை, பிறகு வாரை மாட்டு" என்று தாய் சொல்லிக்கொடுக்கிறாள். சில நாட்களில் குழந்தை அதே சொற்களைத் தானே சொல்லிக்கொண்டு காலணியை அணிகிறது. நாளடைவில் அப்பேச்சு முணுமுணுப்பாகி, உதடு மட்டும் அசைந்து, இறுதியில் ஓசையின்றி உள்ளத்தினுள் அடங்குகிறது. தாயின் கட்டளை குழந்தையின் சொந்தக் கட்டளையாகிவிடுகிறது. பொதுவாக ஏழு முதல் ஒன்பது வயதிற்குள் இப்பேச்சின் பெரும்பகுதி உள்ளத்திற்குள் சென்றுவிடும். எனினும் கடினமான கணக்கு வரும்போது பெரியவர்களும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதுண்டு.

பேச்சு வரும் வேளையையும் கவனிக்கவேண்டும். சிறு குழந்தை படம் வரைந்து முடித்த பின்னரே அதற்குப் பெயர் சூட்டும். சற்று வளர்ந்த குழந்தை வரைகையில் சொல்லும். அதனினும் வளர்ந்த குழந்தை, "நான் வீடு வரையப்போறேன்" என்று முன்கூட்டியே கூறும். முன்கூட்டிச் சொல்லத் தொடங்குவது, பேச்சினால் செயலைத் திட்டமிடத் தொடங்கியதன் அறிகுறியாகும்.

இதற்கு எல்லைகளும் உண்டு. வேலையோடு தொடர்பில்லாத பேச்சு அவ்வேலைக்கு உதவுவதில்லை. வேலை மிக எளிதாயின் பேச்சு குறையும். குழந்தையின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாயினும் பேச்சு நின்றுவிடும். "எனக்கு வராது, எனக்கு வராது" என்றே குழந்தை சொல்லிக்கொண்டிருந்தால், வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும்.

ஆகவே, பெற்றோர் செய்யவேண்டுவன சிலவே. குழந்தை தனக்குள் பேசிக்கொண்டு வேலை செய்கையில் குறுக்கிடாதீர்கள். புதிய வேலையைக் கற்பிக்கும்போது, குழந்தை திருப்பிச் சொல்லத்தக்க குறுகிய சொற்களால், ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் சொல்லிக்கொடுங்கள். குழந்தை தன்னோடு மட்டுமே பேசி, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாமல், பிறரிடம் பேச முற்படாமலும் இருப்பின், அது வேறு செய்தி. அத்தகைய குழந்தையை மருத்துவரிடம் காட்டுவதே தக்கது.