சூப்பர்வைசர் மேல் எழுத்துப் புகார் வந்தால்

பொம்மசந்திராவில் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். ஓசூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் ஒருவர், "மூன்று நாள் ஓ.டி. பார்த்தேன், சூப்பர்வைசர் ஏற்றவில்லை. கேட்டால் எல்லார் முன்னாலும் திட்டுகிறார்" என்று தமிழில் எழுதி ஹெச்.ஆரிடம் நீட்டுகிறார்.

வாங்கிய தேதியும் நேரமும் போட்டு, கையெழுத்திட்டு, அவருக்கு ஒரு நகல் கொடுங்கள். தமிழ்க் காகிதம்தான் மூலம். கன்னட, ஆங்கில மொழிபெயர்ப்பு அதன் பின்னால் இணைப்பாக இருக்கட்டும். புகார் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த பாலியல் தொல்லை பற்றியது என்றால் இந்த வழி கிடையாது. நேராக 2013 சட்டப்படியான உள்ளகக் குழுவுக்குப் போக வேண்டும்.

அன்றைக்கே, சூப்பர்வைசர் காதுக்கு விஷயம் எட்டும் முன், பஞ்சிங் பதிவு, ஓ.டி. ஷீட், கேட் ரிஜிஸ்டர், சிசிடிவி எல்லாவற்றையும் எடுத்துப் பூட்டிவிடுங்கள். பழைய சிசிடிவி பதிவு தானாக அழிந்துவிடும், ஓ.டி. ஷீட்டைத் திருத்தப் பேனா போதும். 2020 டிசம்பரில் கோலார் பக்கம் நரசாபுராவில் விஸ்ட்ரான் ஆலை சூறையாடப்பட்டதற்குப் பின்னால் இருந்ததும் சம்பளமும் வேலை நேரக் கணக்கும்தான்.

"யாருக்கும் தெரியாது" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பதில் சொல்ல வேண்டுமானால் சூப்பர்வைசருக்குப் புகாரின் நகல் போயாக வேண்டும். விசாரிப்பவர்களையும் சூப்பர்வைசரையும் தவிர வேறு யாருக்கும் போகாது என்று சொல்லுங்கள். அது காப்பாற்றக்கூடிய வாக்கு.

இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் தொழிலுறவுச் சட்டத்தொகுப்புப்படி குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். நிர்வாகமும் தொழிலாளரும் அதில் சமபங்கு. முப்பது நாளில் முடிக்க வேண்டும். தொழிலாளர் தரப்பு உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்ளாவிட்டால் முடிவே எடுக்கவில்லை என்றாகும். அந்த சூப்பர்வைசருக்கு மேலதிகாரியோ, அதே லைனில் நிற்பவரோ இந்த விசாரணையில் உட்காரக் கூடாது.

சாட்சிகளை ஒவ்வொருவராக, ஷிஃப்ட் நேரத்திலேயே, கான்டீன் பக்கம் இல்லாத அறையில் கூப்பிடுங்கள். "திட்டினாரா?" என்று கேட்டால் ஆமாம், இல்லை என்றுதான் வரும். "அன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி, அவர் மொழியில் படித்துக் காட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குங்கள்.

நம் கதையில் கேட் ரிஜிஸ்டர் மூன்று நாளில் இரண்டில் இரவு எட்டுக்கு வெளியேறியதாகக் காட்டுகிறது. ஓ.டி. ஷீட்டில் அந்த இரண்டும் இல்லை. மூன்றாம் நாள் ஐந்தரைக்கே போயிருக்கிறார். அப்படியென்றால் புகார் பொய்யா? இல்லை; இரண்டு நாள் நிரூபணம், ஒரு நாள் நிரூபணமில்லை. திட்டியதைத் தனியாக முடிவு செய்யுங்கள். அறிக்கையில் இப்படித்தான் பிரித்து எழுத வேண்டும்.

இரண்டு நாள் ஓ.டி. பணத்தை உடனே கொடுத்துவிடலாம். சூப்பர்வைசரைத் தண்டிக்க இந்த அறிக்கை போதாது. குற்றச்சாட்டு மெமோ, அவர் விளக்கம், குறுக்கு விசாரணையோடு தனி உள்விசாரணை வேண்டும். இதைத் தாண்டிக் குதித்த நிர்வாகங்கள்தான் கோர்ட்டில் சிக்குகின்றன.

முடிவை எழுத்தில் கொடுத்தபின், புகார்தாரரின் ஷிஃப்ட், லீவு, ஓ.டி. மூன்றையும் அடுத்த சில மாதம் கவனியுங்கள். மற்றவர்களுக்கு ஓ.டி. கிடைக்கும்போது அவருக்கு மட்டும் பூஜ்யமானால், அதைப் புதுப் புகாராகவே பதிவு செய்யுங்கள்.