கடல் நிறம் மாறினால் மட்டி வேண்டாம்

1. கடல் சிவந்தோ பச்சையாகவோ தெரிந்தால் மட்டி, சிப்பி எடுக்காதீர்கள். நீரை வடிகட்டி உண்ணும் இவற்றின் சதையில் பாசி நஞ்சு சேரும். 1981-இல் கல்பாக்கம் அருகே வாயலூரில் மட்டி தின்ற மூவர் இறந்தார்கள்.

2. வேகவைத்தால் போதும் என்று நம்பாதீர்கள். இந்த நஞ்சு கொதித்தாலும் அழியாது. சுவை, வாசனையிலும் தெரியாது.

3. ஹைதராபாத் இன்காய்ஸ் மையம் செயற்கைக்கோள் வழியே தரும் பாசிப்பெருக்கத் தகவலையும் மீன்வளத்துறை அறிவிப்பையும் பாருங்கள். ஆனால் செயற்கைக்கோளுக்கு நிறம்தான் தெரியும், நஞ்சு தெரியாது. எனவே, தடை விதித்தால் நீர் தெளிந்த பிறகும் பொறுங்கள். சதைச் சோதனைக்குப் பிறகே தடை நீங்கும்.

4. தின்றபின் உதடு, நாக்கு மரத்துப்போனால் உடனே செயற்கைச் சுவாச வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். மாற்று மருந்து இல்லை. மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்வதே சிகிச்சை.