மாறாதது எது? முதலில் அதைத் தேடுங்கள்

உங்கள் தம்பியோ தங்கையோ தொடக்கநிலை 6 பயிற்சித்தாளுடன் உங்களிடம் வந்தால், x, y என்று சமன்பாடு எழுதிக் காட்டத்தான் கை துடிக்கும். ஆனால் அவர்கள் இயற்கணிதத்தை இன்னும் நன்றாகப் பழகியிருக்க மாட்டார்கள். கட்டங்களைக் கொண்டே விளக்க முடியும். இந்தக் கணக்கைப் பாருங்கள்.

கவிதாவிடமும் மெய்லிங்கிடமும் இருந்த ஒட்டுவில்லைகளின் விகிதம் 3 : 5. கவிதா மேலும் 24 ஒட்டுவில்லைகள் வாங்கினாள். இப்போது அவளிடம் இருப்பது மெய்லிங்கிடம் இருப்பதில் 3/4 பங்கு. கவிதாவிடம் முதலில் எத்தனை இருந்தன? அவளுடைய ஒட்டுவில்லைகள் எத்தனை விழுக்காடு கூடின?

படி 1: பின்னத்தை விகிதமாக எழுதுங்கள். 3/4 பங்கு என்றால், இப்போது கவிதா : மெய்லிங் = 3 : 4.

படி 2: யாருடைய எண்ணிக்கை மாறவில்லை? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முன்பும் 3, பின்பும் 3 என்பதால் கவிதாவின் பங்கு மாறவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் வாங்கியவளே கவிதாதான்! மாறாதவள் மெய்லிங். அவளுக்கு முன்பு 5 கட்டங்கள், பின்பு 4 கட்டங்கள். எண்ணிக்கை ஒன்றே என்பதால், இரண்டு விகிதங்களிலும் கட்டத்தின் அளவு வேறு என்பது புரிகிறது.

படி 3: கட்டங்களைச் சம அளவாக்குங்கள். 5, 4 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 20. ஆகவே,

முன்பு 3 : 5 = 12 : 20
பின்பு 3 : 4 = 15 : 20

படி 4: கவிதாவின் பங்கு 12 கட்டங்களிலிருந்து 15 ஆகியிருக்கிறது. கூடிய 3 கட்டங்கள்தான் அந்த 24 ஒட்டுவில்லைகள். எனவே 1 கட்டம் = 24 ÷ 3 = 8. முதலில் கவிதாவிடம் இருந்தவை 12 × 8 = 96.

படி 5: விழுக்காடு. எதனுடன் ஒப்பிடுகிறோம் என்று கேளுங்கள். கவிதாவின் எண்ணிக்கை எவ்வளவு கூடியது என்பதே கேள்வி. ஆகவே அவளிடம் முதலில் இருந்த 96தான் அடிப்படை. 24/96 × 100% = 25%.

சிலர் 3/5 என்பது 60%, 3/4 என்பது 75%, ஆகவே 15% கூடியது என்று விடை எழுதுவார்கள். அந்த 15% மெய்லிங்கின் 160 ஒட்டுவில்லைகளில் 15%. அதுவும் 24தான்! ஒரே 24, அடிப்படை மாறியதால் வேறு விழுக்காடாகத் தெரிகிறது.

விடையைச் சரிபார்ப்போம். முன்பு 96 : 160 = 3 : 5. பின்பு 120 : 160 = 3 : 4. இரண்டும் பொருந்துகின்றன.

இருவருமே ஒட்டுவில்லை வாங்கியிருந்தால் இந்த வழி அப்படியே உதவாது. இருவரும் ஒரே அளவு வாங்கியிருந்தால் மாறாதது வித்தியாசம். ஒருவர் மற்றவருக்குக் கொடுத்திருந்தால் மாறாதது மொத்தம். கட்டங்களைச் சமமாக்கும் முன் தம்பியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கதையில் மாறாதது எது?